முப்பதில் இருபத்தேழு: தடுப்பூசிக் கணக்கில் இரண்டு வகைச் சிந்தனை

சமவெளிப் பகுதியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சுமார் 30,000 பேர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. அந்த மக்கள்தொகையில் ஒரு வயது முடிந்து இரண்டு வயது நிறையாத குழந்தைகள் ஏறக்குறைய 400 பேர் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணையை 9 மாதம் முடிந்ததும் போட வேண்டும், 12 மாதத்துக்குள் போட்டு முடித்திருக்க வேண்டும். ஆகவே இந்த 400 பேரில் எத்தனை சதவீதம் பேருக்குப் போட்டாகிவிட்டது என்பது நியாயமான கேள்வி. சுகாதாரப் பணியாளர்கள் இதைக் ‘கவரேஜ்’ என்றே சொல்வார்கள்.

எல்லா வீட்டுக்கும் போக ஆள் இல்லை. பெயர்ப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 30 குழந்தைகளை எடுத்து, வீடு வீடாகப் போய்த் தாய் சேய் அட்டையைப் பார்க்கிறார்கள். 27 பேருக்குப் போட்டிருக்கிறது, 3 பேருக்குப் போடவில்லை. இவை கணக்கைப் புரிந்துகொள்வதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். 30இல் 27 என்றால் 90%. இதுவரை யாருக்கும் சண்டை இல்லை. இந்த 90ஐ வைத்து, பார்க்காமல் விட்ட 370 குழந்தைகளைப் பற்றி என்ன சொல்லலாம் என்று கேட்கும்போதுதான் புள்ளியியலில் இரண்டு வழிகள் பிரிகின்றன.

ஒன்று நிகழ்வெண் வழி. உண்மையான கவரேஜ் ஏதோ ஒரு நிலையான எண், அது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்கிறது இது. நிகழ்தகவு அந்த எண்ணுக்கு உரியது இல்லை, நம் மாதிரி எடுக்கும் முறைக்கு உரியது. இதே முறையில் திரும்பத் திரும்ப 30 பேரை எடுத்தால் எத்தனை தடவை என்ன வரும் என்பதே இதன் பேச்சு. நம்பிக்கை இடைவெளி என்ற கருத்தை 1937இல் ஜெர்சி நெய்மன் இப்படித்தான் வகுத்தார்.

இன்னொன்று பேய்ஸ் வழி. தாமஸ் பேய்ஸ் இறந்த பிறகு, 1763இல் அவருடைய நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் வெளியிட வைத்த கட்டுரையில் தொடங்கியது. தெரியாத எண்ணின் மேலேயே நிகழ்தகவை வைக்கலாம் என்கிறது இது. கவரேஜ் 80 ஆக இருக்க எவ்வளவு வாய்ப்பு, 95 ஆக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று முதலில் ஒரு முன்னறிவை எழுதிக்கொள்கிறோம். தரவு வந்ததும் பேய்ஸ் விதிப்படி அதைத் திருத்துகிறோம்.

செய்ய வேண்டியவை

உங்கள் கேள்வி எது என்பதை முதலில் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்.

இந்த நிலையத்துக்கு முன்னால் உள்ள முடிவு ஒன்றுதான்: விடுபட்ட குழந்தைகளைத் தேடிப் போய்ப் போடும் சிறப்பு முகாம் தேவையா, இல்லையா? தட்டம்மை மிக வேகமாகப் பரவும் நோய் என்பதால் 95% கவரேஜைத் தொட வேண்டும் என்பது இலக்கு. இதிலிருந்து இரண்டு கேள்விகளை எழுதலாம்.

முதல் கேள்வி: உண்மையான கவரேஜ் 95% என்றே வைத்துக்கொண்டால், 30 பேரில் மூன்றோ அதற்கு மேலோ விடுபட்டவர்கள் தென்படுவது எவ்வளவு சகஜம்? இது நிகழ்வெண் வழியின் கேள்வி. இரண்டாவது கேள்வி: 30இல் 27 என்று பார்த்துவிட்ட பிறகு, உண்மையான கவரேஜ் 95%க்கு மேல் இருக்க எவ்வளவு வாய்ப்பு? இது பேய்ஸ் வழியின் கேள்வி. படிக்கும்போது இரண்டும் ஒன்று போலவே தோன்றும். விடைகள் ஒன்றல்ல. எக்செல் விரிதாளில் இப்படிப் போட்டுப் பாருங்கள்:

```
=BINOM.DIST(27,30,0.95,TRUE)
=1-BETA.DIST(0.95,28,4,TRUE)
```

முதல் வரி 0.19 தரும். அதாவது கவரேஜ் 95% உள்ள இடத்தில் இதே போல் 100 தடவை மாதிரி எடுத்தால், சுமார் 19 தடவை மூன்று பேரோ அதற்கு மேலோ விடுபட்டிருப்பார்கள். இதுதான் பி-மதிப்பு. இரண்டாவது வரி 0.07 தரும். எந்த முன்னறிவும் இல்லாமல் 0 முதல் 100 வரை எல்லாக் கவரேஜுக்கும் சம வாய்ப்புக் கொடுத்துத் தொடங்கினால், தரவைப் பார்த்த பிறகு கவரேஜ் 95%ஐத் தாண்டியிருக்க 7% வாய்ப்பே உண்டு என்று பொருள். அதே 30 குழந்தைகள், அதே 3 விடுபட்டவர்கள். ஒரு விடை 19, இன்னொன்று 7. இரண்டிலும் பிழை இல்லை. முகாம் நடத்துவதா என்று முடிவெடுக்கும் மருத்துவ அலுவலருக்கு நேராக உதவுவது இரண்டாவது விடை என்பது என் கருத்து. அவர் மனதில் இருக்கும் கேள்வி அதுதான்.

இடைவெளியை இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள்.

நிகழ்வெண் வழியில் வில்சன் சூத்திரத்தைப் பயன்படுத்தினால், 95% நம்பிக்கை இடைவெளி 74 முதல் 97 வரை வருகிறது. பேய்ஸ் வழியில், மேலே சொன்ன சமவாய்ப்பு முன்னறிவோடு தொடங்கினால், 95% இடைவெளி 74 முதல் 96 வரை வருகிறது. பேய்ஸ் கணக்கு கடினம் என்று பயப்பட வேண்டாம். போட்டவர்களோடு 1, போடாதவர்களோடு 1 கூட்டுங்கள்: 28, 4. அந்த இரண்டு எண்களைப் பீட்டா பரவலுக்குக் கொடுத்தால் போதும்:

```
=BETA.INV(0.025,28,4)
=BETA.INV(0.975,28,4)
```

இரண்டு வழியிலும் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றே என்பதைக் கவனியுங்கள். முன்னறிவு ஏதும் சேர்க்காதபோது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். வேறுபடுவது படிக்கும் விதம். ‘உண்மையான கவரேஜ் 74க்கும் 96க்கும் இடையில் இருக்க 95% வாய்ப்பு’ என்று பேய்ஸ் இடைவெளியைப் பற்றிச் சொல்லலாம். நம்பிக்கை இடைவெளியைப் பற்றி அப்படிச் சொல்லக்கூடாது. அங்கே 95% என்பது முறையின் தரம்: இதே முறையில் நூறு குழுக்கள் தனித்தனியாகக் கணக்கெடுத்து நூறு இடைவெளிகள் போட்டால், ஏறக்குறைய 95 குழுக்களின் இடைவெளிக்குள் உண்மை எண் அகப்படும். நம் குழு அந்த 95இல் ஒன்றா, மீதி 5இல் ஒன்றா என்பதை அந்த வழி சொல்வதில்லை.

இரண்டு இடைவெளிகளும் வெகுவாக விலகினால் அது ஓர் எச்சரிக்கை. முன்னறிவு அதிகமாக இழுக்கிறது, அல்லது மாதிரி மிகச் சிறியது, அல்லது சூத்திரத்தில் எண்ணைத் தவறாக உள்ளிட்டிருக்கிறீர்கள்.

முன்னறிவு சேர்ப்பதாக இருந்தால், களத்துக்குப் போவதற்கு முன்பே எழுதித் தேதி போட்டு வையுங்கள். அதற்கு எத்தனை குழந்தைகளின் எடை என்றும் எழுதுங்கள்.

பேய்ஸ் வழியின் பலமும் ஆபத்தும் இங்கேதான் இருக்கின்றன. போன ஆண்டு இதே பகுதியில் 200 குழந்தைகளைப் பார்த்து 160 பேருக்குப் போட்டிருந்ததாக வைத்துக்கொள்வோம், அதாவது 80%. அந்த அறிவை வீணாக்குவானேன் என்று தோன்றுவது சரிதான். ஆனால் போன ஆண்டின் 200 பேரை இந்த ஆண்டின் 200 பேராகவே எண்ணலாமா? ஒரு வருடத்தில் புதுக் குழந்தைகள் வந்துவிட்டார்கள், காலியாக இருந்த கிராம சுகாதார செவிலியர் பணியிடம் நிரம்பியிருக்கலாம், ஒரு துணை நிலையம் மூடியிருக்கலாம். அதனால் பழைய கணக்கின் எடையைக் குறைக்கிறோம். பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 20 குழந்தைகளின் எடை: 16 பேர் போட்டவர்கள், 4 பேர் போடாதவர்கள்.

இப்போது கூட்டல் மட்டும்தான் வேலை. 16உடன் 27, 43. 4உடன் 3, 7. மொத்தம் 50இல் 43, அதாவது 86%. இடைவெளி 75 முதல் 94. கவரேஜ் 95%க்கு மேல் இருக்கும் வாய்ப்பு 7%இலிருந்து 1%க்கு இறங்குகிறது.

எடையைக் குறைக்காமல் 160, 40 என்று அப்படியே சேர்த்திருந்தால்? 230இல் 187, அதாவது 81%. இடைவெளி 76 முதல் 86. வீடு வீடாகப் போய்ப் பார்த்த 90% எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். இடைவெளி குறுகலாக இருப்பதால் துல்லியமாகத் தெரியும், ஆனால் அந்தத் துல்லியம் போன ஆண்டுடையது. நிலைமை உண்மையிலேயே மேம்பட்டிருந்தால் இந்தக் கணக்கு அதை மறைத்துவிடும். நான் சொன்ன பத்தில் ஒரு பங்கு என்பது வேதவாக்கு இல்லை. ஐந்தில் ஒன்று என்று ஒருவர் வாதாடலாம். எதுவாக இருந்தாலும் காரணத்தோடு, முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். தரவைப் பார்த்த பிறகு எடையைத் தேர்ந்தெடுத்தால், வேண்டிய விடையை வரவழைத்துவிட முடியும்.

அட்டையைப் பார்த்து எழுதியதையும் அம்மா சொல்லி எழுதியதையும் தனித்தனியே குறியுங்கள்.

நம் கணக்கில் 27 பேருக்கும் அட்டை இருந்தது என்று வைத்துக்கொண்டோம். களத்தில் அப்படி அமைவது அரிது. அட்டை தொலைந்திருக்கும், பாட்டி வீட்டில் இருக்கும். ‘போட்டாச்சுங்க’ என்று அம்மா சொல்வார், அவர் சொல்வது வேறு ஏதோ ஊசியாக இருக்கும். 27இல் 3 பேர் வாய்மொழிக் கணக்கு என்றால், அட்டைப்படி 24, அதாவது 80%. இந்தப் பத்துப் புள்ளி வித்தியாசத்தை எந்த வழியும் தானாகச் சரிசெய்யாது. பட்டியலிலேயே பெயர் இல்லாத குழந்தைகளின் நிலையும் இதுதான். செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பத்தின் குழந்தை பட்டியலில் இல்லையென்றால், பேய்ஸுக்கும் நெய்மனுக்கும் அந்தக் குழந்தை இல்லை.

செய்யக்கூடாதவை

பி-மதிப்பு 0.19 என்பதைக் ‘கவரேஜ் 95% ஆக இருக்க 19% வாய்ப்பு’ என்று படிக்காதீர்கள்.

தொடக்கத்தில் எல்லோரும் இடறும் இடம் இது. 0.19 கணக்கிடும்போது கவரேஜ் 95% என்று நாமே வைத்துக்கொண்டோம். வைத்துக்கொண்ட ஒன்றுக்கு வாய்ப்பு எவ்வளவு என்பது அதே கணக்கிலிருந்து வெளிவர முடியாது. அது வேண்டுமென்றால் 70, 80, 85, 90 என்று மற்றக் கவரேஜ்களும் 30இல் 27ஐ எவ்வளவு எளிதாகத் தரும் என்று ஒப்பிட வேண்டும். பேய்ஸ் விதி செய்வது அந்த ஒப்பீட்டைத்தான். 90%க்கு அருகிலுள்ள எண்கள் 30இல் 27ஐ 95%ஐ விட எளிதாகத் தருவதால்தான் 95க்கு மேல் மிஞ்சிய வாய்ப்பு வெறும் 7%.

நிராகரிக்க முடியவில்லை என்பதை இலக்கை எட்டிவிட்டோம் என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

பி-மதிப்பு 0.05க்குக் கீழே இறங்கவில்லை, ஆகவே 95% என்ற கருதுகோளை நிராகரிக்க முடியவில்லை. இதுவரை சரி. அடுத்த வரியில் ‘எனவே 95% இலக்கு எட்டப்பட்டது’ என்று எழுதினால் அங்கே குழந்தைகள் விடுபடுகிறார்கள். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அதே தரவை வைத்து 80% என்ற கருதுகோளையும் சோதித்துப் பாருங்கள். உண்மையான கவரேஜ் 80% என்றால், 30இல் 27ஓ அதற்கு மேலோ வருவதற்கு வாய்ப்பு 0.12. அதையும் நிராகரிக்க முடியாது. ஒரே தரவு 80%ஐயும் விட்டுவைக்கிறது, 95%ஐயும் விட்டுவைக்கிறது. 30 பேர் மாதிரியால் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியவில்லை என்பது மட்டுமே இதன் பொருள். இந்தத் தவறு நிகழ்வெண் வழியின் குறை இல்லை. அந்த வழி சொல்லாததைச் சொன்னதாக எழுதும் நம் பழக்கத்தின் குறை.

கவரேஜ் 100ஐ நெருங்கும்போது பாடப்புத்தகத்துக் கூட்டல்–கழித்தல் சூத்திரத்தை நம்பாதீர்கள்.

சதவீதத்தோடு 1.96 மடங்கு திட்டப் பிழையைக் கூட்டிக் கழிக்கும் சூத்திரத்தை எல்லோரும் முதலில் கற்கிறோம். இங்கே போட்டால் 79.3 முதல் 100.7 வரை வரும். 100.7% குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட முடியாது. மேல் முனையை 100 என்று வெட்டிவிட்டால் மட்டும் சரியாகிவிடாது, கீழ் முனையும் ஐந்து புள்ளி அளவுக்கு மேலே நிற்கிறது. வில்சன் சூத்திரம் 1927லிருந்தே இருக்கிறது; அதையே பயன்படுத்துங்கள்.

பதிவேட்டுக் கணக்கை அப்படியே முன்னறிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போட்ட ஊசிகளின் எண்ணிக்கையை எதிர்பார்த்த குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுப்பது நிர்வாகக் கவரேஜ். கீழே இருக்கும் எண் மதிப்பீடு மட்டுமே. பக்கத்துப் பகுதிக் குழந்தைகள் இங்கே வந்து போட்டுக்கொண்டாலோ, மதிப்பீடு குறைவாக இருந்தாலோ, விடை 100ஐத் தாண்டும். பல நாடுகளின் நிர்வாகக் கணக்கில் இது நடக்கிறது. இப்படிப்பட்ட எண்ணுக்கு நூற்றுக்கணக்கான குழந்தைகளின் எடையைக் கொடுத்தால், களத்தில் பார்த்த 3 விடுபட்ட குழந்தைகளும் கணக்கில் கரைந்துபோவார்கள்.

மூன்று தெருவில் எடுத்த 30 பேரை 30 பேராக எண்ணாதீர்கள்.

நாம் குலுக்கல் முறையில் எடுத்ததாக வைத்துக்கொண்டோம். நடைமுறையில் குழு ஒரு தெருவுக்குப் போனால் அங்கேயே பத்து வீட்டை முடித்துவிட்டு வரும். ஒரே தெருவில் எல்லோரும் போட்டிருப்பார்கள், அல்லது பலர் விட்டிருப்பார்கள். அடுத்த வீட்டைப் பார்ப்பதால் கிடைக்கும் புதுத் தகவல் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய 30×7 கணக்கெடுப்பு முறை இதை முன்பே யோசித்து வைத்தது. ஒவ்வொரு பக்கமும் 10 புள்ளித் துல்லியத்துக்குக் குலுக்கல் மாதிரியில் 96 குழந்தைகள் போதும். கொத்துக் கொத்தாக எடுப்பதால் அதை இரண்டு மடங்காக்கி 192 என்றார்கள். 30 கொத்துகளுக்குப் பங்கிட்டால் கொத்துக்கு 6.4 பேர் வரவே, ஏழாக்கி 210 ஆனது.

நம் 30 பேரும் கொத்தாக எடுத்தவர்கள் என்றால், அதே இரண்டு மடங்குக் கணக்கில் அவர்கள் 15 பேருக்குச் சமம். அப்போது வில்சன் இடைவெளி 66 முதல் 98 வரை விரிகிறது. பேய்ஸ் கணக்கிலும் இதே போல எடையைப் பாதியாக்கித்தான் சேர்க்க வேண்டும். பேய்ஸ் வழியில் போட்டால் சிறிய மாதிரியிலும் சமாளித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கொத்தின் பிரச்சினையிலிருந்து அது யாரையும் காப்பாற்றாது.

எட்டுக்கு எட்டு என்றால் 100% என்று முடிக்காதீர்கள்.

ஒரு பெரிய குடியிருப்பில் 8 குழந்தைகளை எடுத்துப் பார்த்தோம், எட்டுப் பேருக்கும் போட்டிருக்கிறது. கூட்டல்–கழித்தல் சூத்திரம் 100%, பிழை பூஜ்யம் என்று சொல்லும். நிகழ்வெண் வழியில் சரியாகப் போட்டால், உண்மையான கவரேஜ் 69% ஆக இருந்தாலும் எட்டுக்கு எட்டு வருவதற்கு 5% வாய்ப்பு உண்டு; ஆகவே 69க்கு மேல் என்று மட்டும் 95% நம்பிக்கையோடு சொல்லலாம். பேய்ஸ் வழியில் 1ஐயும் 1ஐயும் கூட்டினால் 10இல் 9, சராசரி 90%. கீழ் எல்லை 72. லாப்லாஸ் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சொன்ன விதி இது. அந்தக் குடியிருப்பில் இருப்பதே 8 குழந்தைகள்தான் என்றால் மட்டும் கதை வேறு. அங்கே மாதிரியும் இல்லை, மதிப்பீடும் இல்லை. எட்டுப் பெயருக்கு எதிரே எட்டுத் தேதிகளை எழுதினால் போதும்.